ஈ உட்கார்ந்த பன்னிரண்டு புள்ளிகள்

இருட்டறையில், டெவலப்பர் தட்டில் மிதக்கும் வெள்ளைத் தாளில், முதலில் வருவது கறுப்புதான். முகம் என்றால் புருவமும் தலைமுடியும் முதலில் வரும்; கன்னம் பிறகு வரும்; கண்ணின் ஈரம் கடைசியில் வரும். சிவப்பு விளக்கின் கீழே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தால், நாம்தான் தண்ணீருக்குள் கிடக்கிறோம், அந்த முகம்தான் மேலிருந்து நம்மை எட்டிப் பார்க்கிறது என்று தோன்றும். நாற்பது வருஷம் அப்படி நின்றிருக்கிறேன். எத்தனையோ முகங்கள் எழுந்து வந்தன. ஒரே ஒரு முறை அந்தத் தட்டில் மழை எழுந்து வந்தது.

நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவன். பதினோரு வயதில் ஒரு ஸ்டூடியோவில் தட்டுக் கழுவச் சேர்ந்து, இருபத்தாறு வயதில் திண்டுக்கல்லில் சொந்த ஸ்டூடியோ போட்டேன். யாரும் கைதூக்கி விடவில்லை. டச்சிங் வேலையில் இந்த வட்டாரத்தில் எனக்கு நிகர் கிடையாது. இதைச் சொல்வதற்கு எனக்குக் கூச்சமும் கிடையாது. அம்மைத் தழும்போடு வந்த பெண்ணுக்கு மழமழவென்ற கன்னம் கொடுத்து அனுப்புவேன். எரியோட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் படத்தைப் பார்த்துச் சம்மதித்துவிட்டு, கல்யாணத்தன்று என்னைத் தேடி வந்து முறைத்ததும் உண்டு. சர்ச்சில் முதல்முறை புதுநன்மை வாங்கும் பிள்ளைகளின் வெள்ளைக் கவுனில் ஒரு கறை இருக்காது. நெகட்டிவ்வை ஒளிப்பெட்டியின்மேல் வைத்து, பூதக்கண்ணாடி வழியே பார்த்து, ஒற்றை மயிர்த் தூரிகையால் ஒவ்வொரு குறையாகத் தொட்டு மறைப்பேன். குறை என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அதை விட்டுவிட என் கைக்குத் தெரியாது.

தொண்ணூறுகளின் நடுவில் என் மகள் பி.எட். படித்துக்கொண்டிருந்தாள். அவள் பாடம் புவியியல். எங்கள் வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். படிப்பு முடியும் சமயத்தில் ஒரு கற்பித்தல் தேர்வு உண்டு. வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வருவார். டவுனில் ஒரு பெண்கள் பள்ளியில், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவர் முன்னால் அவள் ஒரு பாடம் நடத்த வேண்டும். ஒரே ஒரு பாடவேளை. அதில் தவறினால் அடுத்த வருஷம்வரை காத்திருக்க வேண்டும். ஆசிரியை வேலை என்ற கனவும் ஒரு வருஷம் தள்ளிப் போகும்.

அவள் எடுத்துக்கொண்டது ஒரு வரைபடக் கேள்வி. அவள் கல்லூரி விரிவுரையாளர் அம்மா ஒருவர் வைத்திருந்த பழைய வினாத்தாளில் அது இருந்தது. ஓர் ஊரின் பன்னிரண்டு மாத மழை, கட்டைகளாக நிற்கும். அதே ஊரின் வெப்பநிலை ஒரு கோடாக மேலே போகும். ‘எந்த மாதம் அதிக வெப்பம்? அந்த மாதம் பெய்த மழை எவ்வளவு? இந்த ஊருக்கு மழை தருவது எந்தப் பருவக்காற்று?’ என்று கீழே கேள்விகள். அந்தத் தாளை ஒரு நாளைக்குத்தான் கடன் கொடுத்திருந்தார்கள். மகள் பெரிய சார்ட் அட்டையில் பென்சிலால் கட்டம் போட்டு, மழைக் கட்டைகளை வரைய ஆரம்பித்திருந்தாள்.

நான்தான் தடுத்தேன். “கையால வரையறதெல்லாம் எல்லாப் புள்ளையும் செய்யும்த்தா. நான் அப்படியே போட்டோ புடிச்சு, செவுத்துக்குப் பெருசா பிரிண்டு போட்டுத் தாரேன். வர்ற ஆபீசர் அசந்து போயிருவாரு.”

“பாதி வரைஞ்சுட்டேன்ப்பா.”

“அதைச் சுருட்டித் தூரப் போடு.”

அவள் சுருட்டிவிட்டாள். ஏழு வயதிலிருந்து என் கைவேலையை வீடு முழுக்கப் பார்த்தவள், நம்பிவிட்டாள்.

வினாத்தாளைப் பலகையில் குத்தி, இரண்டு பக்கமும் விளக்கு வைத்து, நேர் எதிரே கேமராவை நிறுத்திப் படம் எடுத்தேன். தாளை மகள் மறுநாள் திருப்பிக் கொடுத்துவிட்டாள். இரண்டு தீப்பெட்டி அகல நெகட்டிவ்வை ஒளிப்பெட்டியில் வைத்துப் பார்த்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. பாவம், கிழட்டுத் தாள். நடுவே மடித்த தடம் ஓடியது. அந்தத் தடத்துக்குச் சற்று மேலே வளைந்து நெளிந்து மயிரிழை போல் ஒரு கீறல். கீறலின் மேல் அங்கங்கே ஈ உட்கார்ந்து அசிங்கம் செய்த மாதிரிப் புள்ளிகள்.

ஒளியை மறைப்பதற்கு ஒரு செங்காவி மை உண்டு. நெகட்டிவ்வில் அதைத் தொட்டு வைத்தால் அந்த இடத்தில் வெளிச்சம் போகாது; பிரிண்டில் சுத்த வெள்ளையாக விழும். மடிப்புத் தடத்தை அடைத்தேன். கீறலை அடைத்தேன். புள்ளிகளை ஒவ்வொன்றாக அடைத்தேன். ஒரு மதியம் முழுக்க ஆனது. பிறகு படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜரின் தலையைத் திருப்பிச் சுவரில் தாளை ஒட்டி, வெளிச்சம் கொடுத்து, பெரிய தட்டில் நனைத்தேன். பன்னிரண்டு கட்டைகளும் ஒன்றாக எழுந்து வந்தன. அக்டோபரும் நவம்பரும் நெட்டையாக, பிப்ரவரி குட்டையாக. தண்ணீருக்கு அடியிலிருந்து மழை மேல்நோக்கிப் பெய்வதுபோல் இருந்தது. மேலே வெள்ளை வெளேரென்று வானம். ஒரு பொட்டு அழுக்கில்லை. நானே என் தோளைத் தட்டிக்கொண்டேன்.

தேர்வன்று காலையில்தான் அட்டையில் ஒட்டியது காய்ந்தது. மொபெட்டில் குறுக்கே வைத்துக்கொண்டு நேரே பள்ளிக்குப் போனேன். மகள் பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் புதுச் சேலையில் நின்றிருந்தாள். செய்தித்தாள் உறையைப் பிரித்துக் காட்டினேன். அவள் முகம் மலர்ந்தது. அப்புறம் மெல்ல வெளிறியது. டெவலப்பரில் தாளைப் போட்டால் நடப்பதற்கு நேர் எதிராக.

“அப்பா, கோடு எங்க?”

“என்ன கோடு?”

“வெப்பக் கோடு. மேல ஓடுச்சே, புள்ளி புள்ளியா.”

“அந்தக் கீறலா? அதை எடுத்துட்டேன். எம்புட்டு நேரம் உக்காந்து எடுத்தேன் தெரியுமா?”

அவள் அட்டையின் வெள்ளை வானத்தை விரலால் தடவிப் பார்த்தாள். அங்கே ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதுபோல. பிறகு சொன்னாள்: “அதுதான்ப்பா பாதிக் கேள்வி.”

கையில் இருந்த பாடக் குறிப்பைப் புரட்டினாள். மே மாதம் முப்பத்திரண்டு டிகிரி என்ற விடை மட்டும் அதில் இருந்தது. மீதிப் பதினோரு மாத வெப்பம் வினாத்தாளோடு போய்விட்டது. விரிவுரையாளர் அம்மா அன்று ஊரில் இல்லை. “குத்துமதிப்பா போட்டுக்கலாமேத்தா” என்றேன்.

“குத்துமதிப்பா போடறதுக்கு அது மாப்பிள்ளை மீசையா?” என்றாள்.

அந்த வார்த்தை எனக்கு உறைத்தது. அதே நேரம் எனக்கு ஒன்று நினைவும் வந்தது. “நெகட்டிவ்ல அழியலத்தா. மையைத்தான் மேல பூசியிருக்கேன். தண்ணியில கரையுற மை.”

அவளுடைய முறை மூன்றாவது பாடவேளை. ஒன்றரை மணி நேரம் இருந்தது. “நீ இங்க இரு, நான் போயிட்டு வாரேன்” என்று மொபெட்டை உதைத்தேன். அவள் சேலையைச் செருகிக்கொண்டு பின்னால் ஏறினாள். “நானும் வாரேன். உங்களைத் தனியா விட்டா இன்னும் ரெண்டு மாசத்தை எடுத்துருவீங்க.”

ஸ்டூடியோவில் ஈரப் பஞ்சால் நெகட்டிவ்வைத் துடைத்தேன். செங்காவி கரைந்து வழிந்தது. ஒளிப்பெட்டியில் பிடித்தபோது மயிரிழை அப்படியே இருந்தது. அவள் எண்ணினாள், பன்னிரண்டு புள்ளிகள். மாதத்துக்கு ஒன்று. என் தொழிலில் எண்ணிப் பார்க்காமல் அழித்தது அது ஒன்றுதான்.

புதிதாகப் பிரிண்டு போட நேரமில்லை. தாள் கழுவிக் காயவே மதியம் ஆகிவிடும். அதனால் வேறு வழி கண்டுபிடித்தேன். இதற்கெல்லாம் படிப்பு வேண்டியதில்லை, கை வேண்டும். ஏற்கெனவே போட்ட பிரிண்டைச் சுவரில் சாய்த்து, அதன் மேலேயே நெகட்டிவ்வின் பிம்பத்தை விழ வைத்தேன். கதவைச் சாத்தினேன். வெளியே பத்துமணி வெயில், உள்ளே இருட்டு.

நெகட்டிவ்வில் கறுப்பெல்லாம் வெளிச்சம். அதனால் மழைக் கட்டைகள் ஒளித் தூண்களாக நின்றன. மகள் குறுக்கே நடந்தபோது அவள் சேலையில் அக்டோபர் விழுந்தது. தோளில் நவம்பர் ஏறி இறங்கியது. நான் என்லார்ஜரை முன்னும் பின்னும் நகர்த்தி, ஒளித் தூண்களைத் தாளில் இருந்த கறுப்புக் கட்டைகளோடு பொருத்திக்கொண்டே வந்தேன். நனைந்து காய்ந்த தாள் மயிரளவு சுருங்கும். அதற்கும் இடம் கொடுத்தேன். சரியாகப் பொருந்திய கணத்தில் தூண்களின் வெளிச்சத்தையெல்லாம் கறுப்பு விழுங்கிவிட்டது. வெள்ளை வானத்தில் அந்த ஒற்றைக் கோடு மட்டும் ஒளியாக நின்றது.

அந்தக் காலத்தில் கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கையால் வண்ணம் தீட்டுவோம். மணப்பெண்ணின் உதட்டுக்கு வைக்கும் சிவப்புச் சாயத்தை எடுத்தேன். ஜனவரியில் தூரிகையை வைத்தேன்.

“இது ஏன் கொஞ்சம் கொஞ்சமா ஏறுது?” என்றேன்.

“ஜனவரியில குளிருப்பா. இருபத்தஞ்சு. போகப் போகச் சூடு ஏறும். மே உச்சம். அப்புறம் இறங்கும்.”

“சரி, மழைக்குன்னு இடது பக்கம் நம்பர் இருக்கு. நூறு, இருநூறுன்னு நானூறு வரைக்கும். வலது பக்கம் எதுக்கு இன்னொரு நம்பர் வரிசை? பத்து, இருபது, முப்பது, நாப்பதுன்னு. பிரிண்டு போடும்போதே யோசிச்சேன்.”

“யோசிச்சீங்கள்ல? அப்பவே கேட்டிருக்கலாம்ல? இடது பக்கம் மழை, மில்லிமீட்டர். வலது பக்கம் சூடு, டிகிரி. கட்டையோட தலையிலிருந்து இடது பக்கம் போகணும். கோட்டுல இருக்கற புள்ளியிலிருந்து வலது பக்கம் போகணும். ஒரே கட்டத்துக்குள்ள ரெண்டு பேரு குடியிருக்காக, ஆளுக்கொரு வாசல்.”

தூரிகை பிப்ரவரியைத் தாண்டி மார்ச்சுக்கு ஏறியது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது: இந்தக் கோட்டை எனக்கு முன்பே தெரியும். டிசம்பரில் டெவலப்பர் சோம்பி நிற்கும். தாளைப் போட்டுவிட்டு ஒரு டீ குடித்து வரலாம். மார்ச்சில் வேகம் பிடிக்கும். மே மாதத்தில் ஐஸ் கம்பெனியிலிருந்து பாளம் வாங்கி, சாக்கில் சுற்றி, தட்டைச் சுற்றி அடுக்காவிட்டால் ஃபிலிமின் மேல்தோல் வெந்த பாலாடை மாதிரிக் கழன்று வரும். ஒரு கல்யாணமே அப்படிக் கழன்று போயிருக்கிறது எனக்கு. கீழே நிற்கும் கட்டைகளையும் தெரியும். அக்டோபர், நவம்பரில் கயிற்றில் தொங்கவிட்ட படங்கள் நாள்கணக்கில் காயாது. மணமக்கள் ஈரமாகவே தொங்குவார்கள். சூடு உச்சத்தில் இருக்கும்போது மழைக் கட்டை சின்னது. மழை உச்சத்தில் இருக்கும்போது கோடு இறங்கிப் போய்க்கொண்டிருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஏறுவதில்லை. இந்த இருட்டறைக்குள் நான் கழித்த வருஷங்களை யாரோ வெளியே நின்று அளந்து, ஒரு தாளில் போட்டுவிட்டார்கள். அதைத்தான் ஈ அசிங்கம் என்று அழித்திருக்கிறேன்.

டிசம்பர் புள்ளியில் வந்து நிறுத்தினேன். கோடு பளிச்சென்று இருந்தது. சாயம் மிச்சமிருந்ததால், வலது பக்க எண்களின்மேலும் அதே சிவப்பைத் தடவினேன். யாரும் சொல்லித் தரவில்லை, நானாகச் செய்தேன். அவள் விளக்கைப் போட்டுப் பார்த்துச் சிரித்தாள்.

அவள் முகம் கழுவப் போனாள். நான் படத்தைப் பார்த்தேன். எதிலோ குறை இருந்தது. கோடு ஜனவரிக் கட்டையின் நடுவில் தொடங்கி, டிசம்பர்க் கட்டையின் நடுவில் நின்றுவிட்டது. இரண்டு ஓரத்திலும் சட்டத்தைத் தொடாமல் அந்தரத்தில். முடியாத வேலை மாதிரி இருந்தது. தூரிகையில் சாயம் காயவில்லை. இடது பக்கம் ஓர் இழுப்பு, வலது பக்கம் ஓர் இழுப்பு. கோட்டைச் சட்டத்தோடு சேர்த்துவிட்டேன். லட்சணமாக இருந்தது.

அவள் திரும்பி வந்தாள். தலையில் கை வைத்தாள்.

“என்னப்பா இது வாலு?”

“ஃபினிஷிங்.”

“ஒரு மாசத்துச் சராசரியை அந்த மாசத்து நடுவுல புள்ளியா வைக்கறாக. பன்னெண்டு புள்ளியைச் சேத்தா கோடு. அதுக்கு அங்கிட்டு நம்பளுக்கு ஒண்ணும் தெரியாது. தெரியாத எடத்துல எப்படிப்பா கோடு போடுவீங்க? தொடைங்க.”

பஞ்சை நனைத்துத் துடைத்தேன். செங்காவி மாதிரி இல்லை இந்தச் சாயம்; தாளின் தோலுக்குள் இறங்கிவிடும். அழுத்தமான சிவப்புப் போனது. இரண்டு பக்கமும் ரோஜா நிறத்தில் லேசான வால் மிஞ்சியது. இதற்கு மேல் தேய்த்தால் தாள் பிய்ந்துவிடும். நேரமும் இல்லை.

மொபெட்டில் பள்ளிக்குத் திரும்பி, வகுப்பறைக்கு ஓடினோம். கரும்பலகைக்கு மேலே இருந்த ஆணி உடைந்து கிடந்தது. அட்டையை மாட்ட வழியில்லை. தேர்வாளர் கடைசிப் பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டார். சுருள்முடி, கண்ணாடி, மடியில் மகளின் பாடக் குறிப்பு நோட்டு. நான் அட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மேடையில் நின்றேன். அட்டைக்கு மேலே என் கண்ணும் நெற்றியும் மட்டும் தெரிந்தன. பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

“பிடிச்சிருக்கறவர் யாரும்மா?” என்றார் தேர்வாளர்.

“படம் எடுத்தவர் சார். ஸ்டூடியோக்காரர்” என்றாள் மகள். அப்பா என்று சொல்லவில்லை.

அந்தப் பாடவேளை முழுக்க என்னால் படத்தைப் பார்க்க முடியவில்லை. என் எதிரே நாற்பது முகங்கள். படம் பிடிப்பவன் முன்னால் எல்லாரும் முகத்தை இறுக்கிக்கொள்வார்கள். என் வாழ்நாளில் என்னைப் பார்க்காத முகங்களை நான் பார்த்ததே இல்லை. இந்த நாற்பது பேரும் என் நெஞ்சில் இருந்த ஒரு வருஷத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்கள் இடமிருந்து வலமாக, ஒன்றாக ஏறி, ஒன்றாக இறங்கின. காற்றில் ஆடும் சோளக் கதிர் மாதிரி.

ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு மகள் குச்சியைக் கொடுத்தாள். “அதிக வெப்பம் எந்த மாசம்?”

குச்சி என் நெஞ்சுக்குழியில் குத்தியது. “மே, டீச்சர்.”

“எவ்வளவு?”

குச்சி என் நெஞ்சிலிருந்து எனக்கு வலது தோள் பக்கம் நகர்ந்தது. பிள்ளைகளுக்கு அது இடது பக்கம். மழை எண்கள் இருக்கும் பக்கம். “முந்நூத்தி இருபது, டீச்சர்.”

தேர்வாளரின் பேனா நிமிர்ந்தது.

“முந்நூத்தி இருபதா?” என்றாள் மகள், கோபமே இல்லாமல். “அம்புட்டுச் சூட்டுல நம்ம ஊரு இட்லி வெந்துருமா, கருகிருமா?”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அந்தப் பிள்ளையும் சிரித்தது. “சரி, அந்தக் கோடு என்ன நெறம்?”

“செவப்பு.”

“எந்தப் பக்கத்து நம்பர் செவப்பு?”

குச்சி தயங்கியது. மெல்ல என் இடது தோளுக்கு நகர்ந்தது. “இந்தப் பக்கம்... முப்பதுக்குக் கொஞ்சம் மேல... முப்பத்தி ரெண்டு டிகிரி!”

“அதே மே மாசத்துல மழை?”

இப்போது குச்சி என் நெஞ்சிலிருந்து கீழே, வயிற்றுப் பக்கம் இறங்கியது. கட்டையின் தலையைத் தொட்டு, மறுபடி என் வலது பக்கம் போனது. “நூறுக்குக் கீழ. அறுபது மில்லிமீட்டர்.”

“மழை எப்ப கூடுது?”

“அக்டோபர், நவம்பர் டீச்சர்.” இன்னொரு குரல் முந்தியது: “அப்ப வடகிழக்குப் பருவக்காற்று!” கண்களெல்லாம் மின்னின. சிவப்பு விளக்கில் தாளிலிருந்து கண்ணின் ஈரம் கடைசியில் எழுந்து வரும் என்றேனே, அப்படி.

மணி அடிக்கும் நேரத்தில் தேர்வாளர் எழுந்து அட்டையின் அருகே வந்தார். குனிந்து பார்த்தார். அவர் மூச்சு என் விரலில் பட்டது. “ஜனவரிக்கு முன்னால லேசா ஏதோ தெரியுதேம்மா? டிசம்பருக்கு அப்புறமும்.”

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் சொன்னாள்: “அங்க நமக்கு அளவு இல்லை சார். தெரியாம இழுத்தது. தொடைச்சும் போகலை.”

அவர் நோட்டில் எழுதினார்.

மகள் தேர்வில் தேறினாள். பிறகு வேலைக்கும் போனாள். இரண்டாயிரங்களில் நத்தம் பக்கம் ஒரு பள்ளியில் அந்த அட்டை அவள் வகுப்புச் சுவரில் தொங்கியதை நானே போய்ப் பார்த்தேன். அதற்குள் என் இருட்டறையில் கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்துவிட்டது. டச்சிங் என்பது எலியைப் பிடித்து நகர்த்தும் வேலையாகிவிட்டது. சுவரில் வெயில் பட்டுச் சிவப்பு வெளுத்திருந்தது. கோட்டை அவள் ஸ்கெட்ச் பேனாவால் மறுபடி ஓட்டியிருந்தாள். ஜனவரி நடுவிலிருந்து டிசம்பர் நடுவரைக்கும், ஒரு நூல் கூடாமல். ரோஜா வால்கள் மட்டும் அப்படியே இருந்தன.

அந்தத் தேர்வன்று, பாடம் முடிந்ததும் வேப்பமரத்தடியில், தேர்வாளர் திருப்பிக் கொடுத்த பாடக் குறிப்பை அவள் எனக்கு வாசித்துக் காட்டினாள். இரண்டே வரி. ‘துணைக்கருவி மிக நன்று. கோட்டின் இரு முனைகளையும் கவனிக்கவும்.’

“மொத வரி உங்களுக்குப்பா” என்றாள்.

“ரெண்டாவதும் எனக்குத்தான்” என்றேன். மொபெட்டில் அட்டையைக் குறுக்கே வைத்து, பன்னிரண்டு மாதத்தையும் இருவர் நடுவில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.